வாடிக்கையாளர் கொடுத்த காசோலை திரும்பினால் கணக்கில் எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாடிக்கையாளர் தந்த செக் பவுன்ஸ் ஆகிவிட்டது. கணக்கில் முதலில் என்ன எழுத வேண்டும்?

ஒரே உதாரணத்தைக் கடைசிவரை வைத்துக்கொண்டால் எளிதாக இருக்கும். ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டு பில் போட்டிருக்கிறீர்கள். மார்ச் 4 தேதியிட்ட பில் எண் 114-இன் தொகை 30,000. மார்ச் 12 தேதியிட்ட பில் எண் 121-இன் தொகை 20,000. பில் தேதியிலிருந்து 15 நாளுக்குள் பணம் கட்டினால் 2 சதவீதம் தள்ளுபடி என்பது பேச்சு. மார்ச் 18 அன்று அவர் இரண்டு பில்லுக்கும் சேர்த்து, தள்ளுபடி 1,000 போக, 49,000-க்கு ஒரு காசோலை தந்தார். மறுநாள் அதை வங்கியில் போட்டு இப்படி எழுதினீர்கள்:

மார்ச் 19
வங்கிக் கணக்கு, பற்று 49,000
அளித்த தள்ளுபடி கணக்கு, பற்று 1,000
வாடிக்கையாளர் கணக்கு, வரவு 50,000

மார்ச் 23 அன்று காசோலை பணமில்லாமல் திரும்பியது. அதே நாளில் வங்கி 300 கட்டணமும் பிடித்துக்கொண்டது. இப்போது முதலில் எழுத வேண்டியது, 19ஆம் தேதிப் பதிவுக்கு நேர் எதிரான பதிவு:

மார்ச் 23
வாடிக்கையாளர் கணக்கு, பற்று 50,000
வங்கிக் கணக்கு, வரவு 49,000
அளித்த தள்ளுபடி கணக்கு, வரவு 1,000

தேதி 23 என்பதைக் கவனியுங்கள். வங்கியின் திரும்பல் சீட்டு உங்கள் கைக்கு 27ஆம் தேதி வந்திருக்கலாம். நம் கணக்கிலிருந்து பணத்தை வங்கி எடுத்த நாள் எதுவோ அதுதான் பதிவின் நாள். சீட்டு வந்த நாளைப் போட்டால் இடைப்பட்ட நான்கு நாளும் நம் வங்கி இருப்பு பொய்யாக இருக்கும். அந்த இருப்பை நம்பி நாம் இன்னொருவருக்குக் காசோலை எழுதினால் அதுவும் திரும்பக்கூடும். விளக்கக் குறிப்பில் காசோலை எண், பில் எண்கள், சீட்டில் உள்ள காரணம் மூன்றையும் எழுதிவைத்து, சீட்டையே பதிவுக்கான ஆதாரமாகக் கோப்பில் சேருங்கள்.

செக் 49,000-க்குத்தானே? வாடிக்கையாளர் கணக்கில் 50,000 ஏன் பற்று எழுத வேண்டும்?

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. வங்கி அறிக்கையில் கண்ணில் படும் எண் 49,000. அதைப் பார்த்து வாடிக்கையாளருக்கு 49,000 பற்று எழுதிவிட்டால் வங்கி இருப்பு சரியாகிவிடும், இருப்பாய்வும் சமன்படும். எந்த எச்சரிக்கையும் வராது. ஆனால் 1,000 தள்ளுபடி செலவாகவே நின்றுவிடும்.

அந்தத் தள்ளுபடியை நாம் சும்மா கொடுக்கவில்லை. 15 நாளுக்குள் பணம் வர வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தோம். காசோலை என்பது வங்கி பணம் கொடுக்கும்வரை வெறும் உறுதிமொழி. வங்கி மறுத்த அந்தக் கணமே, பணம் வரவில்லை என்றாகிறது, நிபந்தனை நிறைவேறவில்லை, தள்ளுபடிக்கு ஆதாரமும் இல்லை. ஆகவே வாடிக்கையாளர் தர வேண்டியது அவர் காசோலையில் எழுதிய தொகை அல்ல, நாம் பில்லில் எழுதிய தொகை.

49,000 மட்டும் திருப்பி எழுதினால் பின்னால் என்ன ஆகும் என்று பாருங்கள். வாடிக்கையாளர் ஏப்ரலில் 49,000 கட்டுகிறார். பேரேட்டில் அவர் கணக்கு பூஜ்ஜியம் ஆகிவிடும், எல்லாம் தீர்ந்தது போல் தெரியும். தாமதமாகக் கட்டியவருக்கு, அதுவும் ஒரு காசோலை திரும்பிய பிறகு, உடனே கட்டியதற்கான சலுகை போயிருக்கிறது. யாரும் முடிவெடுத்துக் கொடுத்த சலுகை அல்ல அது, ஒரு பதிவு விட்டுப்போனதால் போன பணம்.

இதைக் கண்டுபிடிப்பதும் கடினமில்லை. மாதக் கடைசியில் அளித்த தள்ளுபடி கணக்கைத் திறந்து, ஒவ்வொரு பற்றுக்கும் எதிரே உண்மையில் வங்கியில் நிலைத்த வரவு ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். திரும்பிய காசோலையோடு வந்த தள்ளுபடி அங்கே தனியாக நிற்கும்.

தள்ளுபடிக்காக வரியோடு சேர்த்து வரவுக் குறிப்பு ஏதும் கொடுத்திருந்தால், பதிவைத் திருப்புவது மட்டும் போதாது. அந்த ஆவணத்தையும் உங்கள் வரி விதி சொல்லும் முறையில் ரத்து செய்ய வேண்டும், அல்லது அதற்கு ஈடான பற்றுக் குறிப்பு கொடுக்க வேண்டும்.

பழைய ரசீதையே மென்பொருளில் அழித்துவிட்டால் வேலை முடிந்ததே?

முடியாது. மார்ச் 19 அன்று வங்கி அறிக்கையில் 49,000 வரவு இருக்கிறது, 23 அன்று 49,000 பற்று இருக்கிறது. ரசீதை அழித்தால் நம் ஏட்டில் இரண்டுமே இருக்காது. இறுதி இருப்பு என்னவோ சரியாகத்தான் வரும். ஆனால் சரிகட்டும்போது வங்கியின் இரண்டு வரிகளும் ஜோடியில்லாமல் நிற்கும். 19 முதல் 22 வரையிலான தினசரி இருப்பும் ஒத்துப்போகாது.

அதைவிடப் பெரிய இழப்பு, அந்த வாடிக்கையாளரின் கணக்கில் காசோலை திரும்பியதற்கான தடமே இல்லாமல் போவது. அடுத்த ஆண்டு அவருக்குக் கடன் வரம்பை உயர்த்தலாமா என்று யாராவது கேட்டால், பேரேடு அவரை ஒழுங்காகப் பணம் கட்டுபவராகக் காட்டும். இது சட்டச் சிக்கலாகி நடவடிக்கைக்குப் போனாலும், காசோலை வந்ததும் திரும்பியதும் கணக்கில் வரிசையாக இருப்பது நமக்குத்தான் நல்லது. நடந்ததை அழிக்காமல், அதற்கு எதிர்ப்பதிவு போடுவதே கணக்கு எழுதுபவரின் வழக்கம்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. காசோலையை இன்னும் வங்கியிலேயே போடாமல், தவறுதலாகப் போட்டதாக எழுதியிருந்தால் அது வெறும் பிழை. பிழையைத் திருத்தலாம்.

வங்கி அறிக்கையில் "டெபிட் 49,000" என்று இருக்கிறது. நாமும் வங்கிக் கணக்கை டெபிட் செய்ய வேண்டுமா?

இல்லை, வரவு எழுத வேண்டும். அந்த அறிக்கை வங்கியின் ஏட்டிலிருந்து எடுத்த பக்கம். அவர்கள் பார்வையில் நம் பணம் அவர்கள் நமக்குத் தர வேண்டிய கடன். அது குறையும்போது அவர்கள் பற்று எழுதுகிறார்கள். நம் பார்வையில் அதே பணம் நம் சொத்து. அது குறையும்போது நாம் வரவு எழுதுகிறோம். இங்கே தலைகீழாக எழுதிவிட்டால் வித்தியாசம் 49,000-ஆக இருக்காது, இரட்டிப்பாகி 98,000 ஆகிவிடும். சரிகட்டும்போது காசோலைத் தொகையைப் போல் சரியாக இரு மடங்கு வித்தியாசம் வந்தால் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள்.

வங்கி பிடித்த 300 யார் தலையில்? நம் செலவா, வாடிக்கையாளர் பாக்கியா?

இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன, பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும். வங்கிக்கு 300 கொடுத்தது நாம், அது நடந்துவிட்டது. வாடிக்கையாளரிடம் அதை வசூலிக்க நமக்கு உரிமை இருக்கிறதா, வசூலிக்கப்போகிறோமா என்பது வேறு விஷயம்.

எனக்குப் பிடித்த முறை இரண்டு படி. முதலில், வங்கி பிடித்த அன்றே:

மார்ச் 23
வங்கிக் கட்டணம் கணக்கு, பற்று 300
வங்கிக் கணக்கு, வரவு 300

பிறகு, வாடிக்கையாளரிடம் கேட்பது என்று முடிவான அன்று ஒரு பற்றுக் குறிப்பு தயாரித்து:

வாடிக்கையாளர் கணக்கு, பற்று 300
வங்கிக் கட்டணம் கணக்கு, வரவு 300

இரண்டையும் ஒரே பதிவாகச் சுருக்கி, வாடிக்கையாளருக்குப் பற்று, வங்கிக்கு வரவு என்று நேரடியாக எழுதுவதும் தவறில்லை. பாடப்புத்தகக் கணக்குகளில் அப்படித்தான் இருக்கும். ஆனால் நடைமுறையில் அது ஒரு சங்கடத்தைத் தருகிறது. வாடிக்கையாளரிடம் யாரும் சொல்லாமலே அவர் கணக்கில் 300 ஏறிவிடும். மாதக் கடைசியில் அவர் அனுப்பும் கணக்கும் நம் கணக்கும் 300 வித்தியாசத்தில் நிற்கும். பற்றுக் குறிப்பு ஒன்று போயிருந்தால் பேச ஒரு காகிதம் இருக்கும். அவர் மறுத்தால் அந்தக் குறிப்பை ரத்து செய்துவிட்டால் போதும், 300 மறுபடி நம் செலவாகிவிடும்.

விற்பனை ஒப்பந்தத்திலோ பில்லிலோ இந்தக் கட்டணம் வாடிக்கையாளரைச் சேரும் என்று எழுதியிருந்தால், அல்லது அவர் ஒப்புக்கொண்டிருந்தால், தயங்காமல் பற்று எழுதுங்கள். அப்படி எதுவும் இல்லாமல், கேட்டால் தருவாரோ மாட்டாரோ என்ற நிலையில் செலவாக விட்டுவிடுவதே மேல். பின்னால் தந்தால் அன்று வங்கிக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளலாம். வசூலாகுமா என்று தெரியாத 300-ஐச் சொத்து என்று காட்டிப் பயனில்லை.

எப்படி எழுதினாலும் 49,000-உம் 300-உம் தனித்தனி வரிகளாக இருக்கட்டும். வங்கி அறிக்கையிலும் பெரும்பாலும் அவை இரண்டு வரிகளாகத்தான் வரும். 49,300 என்று ஒன்றாகச் சேர்த்து எழுதினால் சரிகட்டும்போது எதுவும் பொருந்தாது. கட்டணத்தின் மேல் வரி இருந்து, அதைத் திரும்பப் பெறும் தகுதி உங்களுக்கு இருந்தால் வரியைத் தனிக் கணக்கில் காட்டுங்கள். இல்லையென்றால் அதுவும் கட்டணத்தோடு சேர்ந்த செலவு.

பணம் வரவில்லை என்பதால் விற்பனையையும் குறைக்க வேண்டுமா?

வேண்டாம். சரக்கு போய்விட்டது, பில் இருக்கிறது, விற்பனை நடந்தது நடந்ததுதான். கெட்டது வசூல் மட்டும். திரும்பிய காசோலையை விற்பனைத் திருப்பம் கணக்கில் எழுதினால் விற்பனை, சரக்கிருப்பு, வரி மூன்றும் ஒருசேரத் தவறும். வாடிக்கையாளர் சரக்கையே திருப்பித் தந்தால் மட்டும் அந்தக் கணக்குப் பக்கம் போங்கள்.

பதிவெல்லாம் சரியாகப் போட்டுவிட்டோம். ஆனால் பாக்கிப் பட்டியலில் அந்தக் கடன் புதுக் கடன் போல் வருகிறது. ஏன்?

மொத்தத் தொகை சரி, பில்லோடு இணைப்பு சரியில்லை. இதுதான் காரணம்.

மார்ச் 19 ரசீதைப் பதிந்தபோது மென்பொருள் பில் 114-ஐயும் 121-ஐயும் தீர்ந்ததாகக் குறித்துவிட்டது. 23 அன்று நீங்கள் ஒரு பொதுப் பதிவு போட்டு வாடிக்கையாளருக்கு 50,000 பற்று எழுதினீர்கள். அந்தப் பதிவுக்கு எந்தப் பில்லும் இல்லை. ஆகவே மென்பொருள் அதை மார்ச் 23 தேதியிட்ட ஒரு புதுப் பாக்கியாக எடுத்துக்கொண்டது. பேரேட்டு இருப்பு 50,000 சரிதான். கடனின் வயதுதான் தவறு.

இது அழகு சார்ந்த குறை அல்ல. வாடிக்கையாளர் ஏப்ரல் முழுக்க இழுத்தடித்தார் என்று வையுங்கள். மே 5 அன்று பாக்கிப் பட்டியல் எடுக்கிறீர்கள். உண்மையில் பில் 114-க்கு 62 நாள் வயது, பில் 121-க்கு 54 நாள். புதுப் பாக்கியாக வந்தால் மொத்தம் 50,000-க்கும் 43 நாள்தான். 60 நாளைத் தாண்டியவர்களுக்குச் சரக்கை நிறுத்துவது உங்கள் வழக்கமாக இருந்தால், காசோலை திரும்பிய வாடிக்கையாளர் அந்த வலையில் சிக்கமாட்டார். வாராக்கடனுக்கு வயதை வைத்து ஒதுக்கீடு செய்பவர்களுக்கு ஒதுக்கீடும் குறைவாக வரும். நம்மை ஏமாற்றிய காசோலையே கடனை இளமையாக்கிவிடுகிறது.

தீர்வு, உயிர்பெற்ற கடனைப் பழைய பில்களின் பெயரிலேயே உயிர்ப்பிப்பது. மென்பொருளில் வழி இரண்டு விதமாக இருக்கும். சிலவற்றில் ரசீதுக்கும் பில்லுக்கும் உள்ள பொருத்தத்தை நீக்கலாம். நீக்கிவிட்டு, அந்த ரசீதைத் திரும்பல் பதிவோடு பொருத்தினால் அவை இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். பில் 114-உம் 121-உம் தங்கள் பழைய தேதியோடு திறந்து நிற்கும். வேறு சிலவற்றில் திரும்பல் பதிவைப் போடும்போதே எந்தப் பில் என்று கேட்கும். அங்கே 114-க்கு 30,000, 121-க்கு 20,000 என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். எந்த வழியில் போனாலும் முடித்த கையோடு பாக்கிப் பட்டியலைத் திறந்து, இரண்டு பில்களும் மார்ச் 4, மார்ச் 12 என்ற தேதிகளோடு வருகின்றனவா என்று பாருங்கள். கையால் எழுதும் ஏடாக இருந்தால் பற்று வரியின் பக்கத்தில் பில் எண்களையும் அவற்றின் தேதிகளையும் எழுதிவைத்தால் போதும்.

300-க்கு இது பொருந்தாது. அது உண்மையிலேயே புதுப் பாக்கி, பற்றுக் குறிப்பின் தேதியிலிருந்துதான் அதற்கு வயது.

திரும்பியதை நாம் கவனிக்கவே இல்லை என்றால் எப்படித் தெரிய வரும்?

வங்கிச் சரிகட்டும் பட்டியலில்தான். மார்ச் 31 அன்று நம் ரொக்க ஏட்டின்படி வங்கி இருப்பு 85,000, வங்கி அறிக்கையின்படி 35,700 என்று வையுங்கள். வேறு நிலுவை எதுவும் இல்லாவிட்டால் வித்தியாசம் 49,300. இந்தத் தொகையில் எந்தக் காசோலையும் இருக்காது என்பதால் தேடுபவர் திகைப்பார். 49,000 தனியாக, 300 தனியாக என்று அறிக்கையில் வரி வரியாகப் பார்த்தால் கிடைத்துவிடும்.

கிடைத்த பிறகு பலர் செய்வது, அதைச் சரிகட்டும் பட்டியலில் ஒரு வரியாக எழுதிவிட்டு அப்படியே விடுவது. அடுத்த மாதமும் அதே வரி வரும், அதற்கடுத்த மாதமும் வரும். பட்டியலில் நிற்க வேண்டியவை நமக்குத் தெரிந்து வங்கிக்கு இன்னும் போய்ச் சேராத விஷயங்கள் மட்டுமே. நாம் கொடுத்து இன்னும் வங்கிக்கு வராத காசோலை அந்த வகை. வங்கிக்குத் தெரிந்து நமக்குத் தெரியாமல் இருந்தவற்றுக்கு நம் ஏட்டில் பதிவு போட வேண்டும். போட்டால் நம் இருப்பும் 35,700 ஆகி, பட்டியலில் வரியே இல்லாமல் போகும்.

தாமதத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. பதிவு போடாத நிலையில் மாதக் கடைசிக் கணக்கு அறிக்கையை வாடிக்கையாளருக்கு அனுப்பினால், பாக்கி எதுவுமில்லை என்று நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும். பின்னால் பேச்சு முற்றினால் அந்தக் காகிதத்தைத்தான் அவர் எடுத்துக் காட்டுவார். பணம் வாங்கி ரசீது போடுபவரே வங்கி அறிக்கையையும் சரிபார்க்கும் இடங்களில் திரும்பிய காசோலை மாதக்கணக்கில் மறைந்து கிடப்பதுண்டு. அந்த இரண்டு வேலையும் இரண்டு பேரிடம் இருக்கட்டும்.

செக் போட்டது இந்த ஆண்டில், திரும்பியது அடுத்த ஆண்டில். எந்த ஆண்டுக் கணக்கில் எழுதுவது?

உங்கள் கணக்காண்டு டிசம்பர் 31-இல் முடிகிறது என்று வையுங்கள். 29 அன்று காசோலையைப் போட்டீர்கள், ஜனவரி 3 அன்று திரும்பியது. ஆண்டுக் கணக்கு இன்னும் இறுதியாகவில்லை.

ஆண்டு முடிவுக்குப் பிந்தைய நிகழ்வுகளைப் பற்றிச் சொல்லும் ஐஏஎஸ் 10 என்ற பன்னாட்டுக் கணக்குத் தரம் ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறது. பின்னால் தெரிந்த விஷயம், ஆண்டு முடிவன்று ஏற்கெனவே இருந்த நிலைமைக்குச் சான்றா, அல்லது புதிதாக முளைத்த நிலைமையா? சான்று என்றால் முடிந்த ஆண்டின் கணக்கைத் திருத்த வேண்டும். திரும்பிய காசோலை பெரும்பாலும் முதல் வகை. டிசம்பர் 31 அன்று நம்மிடம் உண்மையில் பணம் இல்லை, வாடிக்கையாளரிடம் பாக்கிதான் இருந்தது என்பதை ஜனவரி 3 காட்டிக்கொடுத்தது. எனவே 50,000-ஐக் கடனாளிகள் பக்கம் கொண்டுபோய், வங்கியிலிருந்து 49,000-ஐயும் தள்ளுபடியிலிருந்து 1,000-ஐயும் டிசம்பர் 31 தேதியிலேயே எடுத்துவிடுங்கள். வங்கி 29 அன்றே வரவு வைத்திருந்தால் டிசம்பர் 31-இன் சரிகட்டும் பட்டியலில் 49,000 ஒரு வரியாக வரும், ஜனவரி 3 அன்று தானாகத் தீரும்.

300 மட்டும் ஜனவரிச் செலவு. வங்கி அதை விதித்தது அன்றுதான்.

கணக்கு இறுதியாகி, தணிக்கையும் முடிந்து கையெழுத்தான பிறகு திரும்பியிருந்தால் எல்லாமே புது ஆண்டில்தான். தொகை மிகச் சிறியது என்றால் முதல் நிலையிலும் திருத்தாமல் விடுவதைத் தணிக்கையாளர் ஆட்சேபிக்கமாட்டார். ஆனால் ஆண்டு முடிவன்று வங்கி இருப்பு நல்லபடியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே வரும் காசோலைகளும் உண்டு. கடைசி வாரத்தில் போட்ட பெரிய காசோலைகளை ஜனவரி அறிக்கையில் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பது வீண் வேலை ஆகாது.

"கணக்கில் பணம் போட்டுவிட்டேன், அதே செக்கை மறுபடி போடுங்கள்" என்கிறார். பதிவை மாற்றாமல் வைத்திருக்கலாமா?

வைத்திருக்க வேண்டாம். திரும்பலை 23ஆம் தேதிப்படி எழுதிவிடுங்கள். மறுபடி போட்டால் அது புதிய வரவு, புதிய ரசீது. மறுபடியும் திரும்பினால் மீண்டும் ஒரு எதிர்ப்பதிவு, மீண்டும் ஒரு கட்டணம். வங்கி அறிக்கையில் எத்தனை வரி ஓடுகிறதோ அத்தனை பதிவு நம் ஏட்டிலும் இருக்க வேண்டும்.

இதில் தள்ளுபடி மட்டும் யோசிக்க வைக்கும். மார்ச் 25 அன்று மறுபடி போட்டு, இந்த முறை பணம் வந்துவிட்டது என்று வையுங்கள். பில் 114-இன் 15 நாள் மார்ச் 19-லேயே முடிந்துவிட்டது. பில் 121-க்கு மார்ச் 27 வரை நேரம் இருக்கிறது. கறாராகப் பார்த்தால் 121-க்கு 400 தள்ளுபடி உண்டு, 114-க்கான 600 கிடையாது. வந்த 49,000-இல் 19,600 போய் 121 தீரும். மீதி 29,400 போனால் 114-இல் 600 நிற்கும். கட்டணம் 300-உம் சேர்ந்து வாடிக்கையாளர் கணக்கில் 900 பாக்கி. அந்த 600-ஐ விட்டுக்கொடுக்க முதலாளி சொன்னால் விட்டுக்கொடுக்கலாம், ஆனால் அது அவர் பெயரில், அன்றைய தேதியில், தனிப் பதிவாக இருக்கட்டும்.

கடைசியில் பணம் வந்துவிட்டது. அதை எப்படிப் பொருத்துவது?

நம் உதாரணத்தில் மறுபடி போடவில்லை, ஏப்ரல் 6 அன்று வாடிக்கையாளர் 50,300-ஐ வங்கிப் பரிமாற்றமாக அனுப்பினார் என்றால் வேலை சுலபம். வங்கிக்குப் பற்று 50,300, வாடிக்கையாளருக்கு வரவு 50,300. பொருத்தும்போது பில் 114-க்கு 30,000, பில் 121-க்கு 20,000, பற்றுக் குறிப்புக்கு 300. மூன்றும் தீர்ந்து கணக்கு பூஜ்ஜியம் ஆகும்.

அவர் 49,000 மட்டும் அனுப்பி, பேசிய தொகை இதுதானே என்றால், 1,300 பாக்கியாக நிற்கட்டும். பட்டியல் சுத்தமாக வேண்டும் என்று கணக்கு எழுதுபவரே அதைத் தள்ளுபடியில் போட்டு மூடக் கூடாது. பகுதித் தொகையாக 30,000 வந்தால் எந்தப் பில்லுக்கு என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்லாவிட்டால் பழைய பில்லுக்கு முதலில் என்பது பொதுவான பழக்கம்.

அந்தச் செக்கை வங்கியில் போடவில்லை, சரக்கு தந்தவருக்கு மேலெழுதிக் கொடுத்துவிட்டோம். அவரிடமிருந்து திரும்பி வந்தால்?

வங்கிக் கணக்கைத் தொடவே கூடாது, நம் வங்கியில் எதுவும் நடக்கவில்லை. வாடிக்கையாளருக்குப் பற்று 50,000, சரக்கு தந்தவருக்கு வரவு 49,000, அளித்த தள்ளுபடிக்கு வரவு 1,000. ஒரு கடனாளியும் ஒரு கடனீந்தோரும் ஒரே நேரத்தில் உயிர்பெறுகிறார்கள். அவருடைய வங்கி பிடித்த கட்டணத்தை அவர் நம்மிடம் கேட்டால், அவர் கணக்கில் வரவு எழுதி நம் வங்கிக் கட்டணத்தில் பற்று எழுதுங்கள். அங்கிருந்து வாடிக்கையாளருக்கு மாற்றுவது மேலே சொன்ன அதே முறை.

ஒருமுறை செக் திரும்பினாலே வாராக்கடன் என்று எழுதிவிடலாமா?

திரும்பியது மட்டும் போதாது, ஏன் திரும்பியது என்று சீட்டைப் படியுங்கள். கையெழுத்து பொருந்தவில்லை, எழுத்தில் ஒரு தொகை எண்ணில் ஒரு தொகை, தேதி தவறு என்றெல்லாம் வந்தால் வாடிக்கையாளரிடம் பணம் இல்லை என்று அர்த்தமில்லை. புதுக் காசோலை வாங்கினால் தீர்ந்தது. பணம் போதவில்லை என்றால் எச்சரிக்கை. கணக்கே மூடப்பட்டது என்றால் அது வேறு ரகம், அன்றே ஒதுக்கீட்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பதிவு எல்லாவற்றுக்கும் ஒன்றேதான். 50,000 கடனாளியாக உயிர்பெறும். வேறுபடுவது அந்த 50,000-இல் எவ்வளவு வரும் என்ற மதிப்பீடு. சந்தேகம் இருக்கும்வரை வாராக்கடன் ஒதுக்கு மட்டும் எழுதுங்கள், வாடிக்கையாளர் கணக்கை மூடாதீர்கள். இலாப நட்டக் கணக்கில் செலவு ஏறும், பேரேட்டில் பில் 114-உம் 121-உம் அப்படியே திறந்திருக்கும், துரத்துபவர்களுக்குப் பட்டியலும் இருக்கும். இனி வராது என்று உறுதியான பிறகுதான் வாடிக்கையாளர் கணக்கில் வரவு எழுதி மூட வேண்டும். அப்போது மூடும் தொகை 50,300, அதாவது பற்றுக் குறிப்பின் 300-உம் சேர்ந்து.